பள்ளி முடிவுகளில் மாணவர் குரல்: மாணவர் பேரவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளியில் வகுப்புத் தலைவர்களும் மாணவர் தலைவரும் இருக்கிறார்கள். அதற்கு மேல் பேரவை எதற்கு?

இரண்டும் எதிரெதிர் திசையில் இயங்குபவை. வகுப்புத் தலைவர் ஆசிரியரின் சொல்லை மாணவர்களிடம் கொண்டுபோகிறார். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், குறிப்பேடுகளைத் திரட்டிக் கொடுப்பதும், காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையைச் சரிசெய்வதும் அவருடைய வேலை. மாணவர் பேரவை உறுப்பினரோ வகுப்பில் உள்ளவர்களின் சொல்லைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகிறார், அவருடைய பதிலை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார். இரண்டு பொறுப்பையும் ஒரே மாணவரிடம் கொடுத்தால், பெயர் எழுதுபவரிடம் யார் மனம்விட்டுக் குறை சொல்வார்கள்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட மகிழ் முற்றம் திட்டம் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. வகுப்புகளைக் கடந்து மாணவர்கள் பழகுவதற்கு அது நல்ல ஏற்பாடு. குழு உணர்வை வளர்ப்பது ஒன்று, பள்ளியின் முடிவைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது வேறொன்று. இந்தப் பக்கம் பின்னதைப் பற்றியது.

மாணவர்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது.

கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மீதமுள்ள ஒரு பங்கை உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஆசிரியர்கள், மூன்றாவதாக உள்ளூர்க் கல்வியாளர்கள் அல்லது அப்பள்ளியின் குழந்தைகள் ஆகியோர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. அந்த மூன்றாவது இடத்துக்கு யார் வரலாம் என்பதைக் குழுவின் பெற்றோரே முடிவு செய்வார்கள். குழந்தைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, ஆனால் அந்தக் கதவு வழியாகப் பெரியவர் ஒருவரும் நுழையலாம். தமிழ்நாட்டில் 2024இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் தரப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆயினும் பள்ளியை விட்டுச் சென்றவரின் நினைவு, இன்று அங்கே படிப்பவரின் அனுபவத்துக்கு ஈடாகாது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதி இன்னும் தெளிவாகச் சட்டம் இயற்றியிருக்கிறது. அங்கே 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் மாணவர் பேரவை அமைத்தாக வேண்டும். அது ஆண்டுக்கு 6 முறையாவது கூட வேண்டும். பேரவை முன்வைக்கும் ஒவ்வொன்றையும் தலைமையாசிரியரும் நிர்வாகக் குழுவும் பரிசீலித்துப் பதில் அளிக்க வேண்டும். அந்த விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதியே.

வாக்குரிமை இல்லாமல் கருத்து மட்டும் கேட்பது கண்துடைப்பு அல்லவா?

இந்தக் கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஆஸ்திரியாவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பள்ளிகளில் பள்ளிச் சமூகக் குழு என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஆசிரியர் மூவர், பெற்றோர் மூவர், மாணவர் மூவர். தலைமையாசிரியர் வாக்கில்லாமல் தலைமை வகிக்கிறார். பள்ளியின் நடத்தை விதிகள், பல நாள் கல்விச் சுற்றுலா போன்றவற்றை இந்தக் குழுவே முடிவு செய்கிறது. வேல்ஸில் மேல்வகுப்பு மாணவர் இருவரைப் பேரவை நிர்வாகக் குழுவுக்கு அனுப்பலாம், ஆனால் அவர்களுக்கு வாக்கு கிடையாது.

வாக்கு இருக்கும் ஏற்பாடே உயர்ந்தது என்று முதல் பார்வையில் தோன்றும். ஒன்பது வாக்குகளில் மூன்று மாணவர்களுடையவை என்பதால், பெரியவர்களில் இருவரையாவது இணங்கவைக்காமல் அவர்களால் எதையும் நிறைவேற்ற முடியாது. எனவே பிள்ளைகள் கையில் பள்ளி போய்விடும் என்ற அச்சத்துக்கு அந்த எண்ணிக்கையே பதில். வாக்கு இருப்பதால் பெரியவர்கள் அவர்களிடம் பேசியாக வேண்டிய நிலையும் உருவாகிறது. இவை உண்மையான பலன்கள்.

ஆனால் வாக்கு மட்டும் இருந்து வேறெதுவும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போதுதான் அறிக்கை கையில் கிடைக்கிறது, வரவு செலவுக் கணக்கைப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளை செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடப்போகிறவர் என்றால், பதினைந்து வயது மாணவி கை தூக்கத்தான் செய்வார். அந்தக் கை, மாணவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதற்கே பயன்படும். மாறாக, வாக்கு இல்லாவிட்டாலும், இத்தனை நாளுக்குள் காரணத்துடன் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கடமை தலைமையாசிரியருக்கு இருந்தால், முடியாது என்று சொல்லும்போது அவர் தம் காரணத்தையும் வெளிப்படுத்தியாக வேண்டும். வெளிப்பட்ட காரணத்தை மறுக்கலாம், சூழல் மாறும்போது மீண்டும் எழுப்பலாம். நம் பள்ளிகளில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பதில் சொல்லும் கடமையிலிருந்து என்பேன். வாக்கு அதற்குப் பின்னர் வரட்டும்.

எதையெல்லாம் பேரவை பேசலாம், எதைப் பேசக்கூடாது?

கழிப்பறை, குடிநீர், சத்துணவு பரிமாறப்படும் விதம், மாதத் தேர்வுகளுக்கு இடையிலான இடைவெளி, வீட்டுப்பாடம் ஒரே நாளில் குவிவது, விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்கள் எடுத்துக்கொள்வது, நூலகம் திறந்திருக்கும் நேரம், மிதிவண்டி நிறுத்தும் இடம் ஆகிய அனைத்திலும் மாணவரே நேரடிச் சாட்சி. இவற்றில் அவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு தகவல் குறைந்த முடிவு.

தனி ஒரு மாணவருக்கான தண்டனை, ஒருவரின் மதிப்பெண், ஒரு குடும்பத்தின் நிலை ஆகியவை பேரவைக்கு வரவே கூடாது. சக மாணவரைச் சக மாணவர்கள் விசாரிப்பது பழிவாங்கலுக்கும் அவமானத்துக்கும் இடம் தரும். பாலியல் தொல்லை பற்றிய புகார் பேரவையில் ஒரு சொல்லாகக்கூட எழக்கூடாது. அதற்கு மாணவர் மனசு பெட்டியும், 14417, 1098 ஆகிய உதவி எண்களும் இருக்கின்றன. அந்த வழிகள் எவை என்பதை எல்லா வகுப்புகளுக்கும் தெரியப்படுத்துவதோடு பேரவை நின்றுகொள்ள வேண்டும்.

இடையில் ஒரு கடினமான பகுதி உண்டு. ஆசிரியர் வகுப்புக்கு வருவதில்லை, வந்தாலும் பாடம் நடத்துவதில்லை என்றால் மாணவர்கள் பேசலாமா? ராஜஸ்தானின் திலோனியாவில் பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளிகளில் 1993 முதல் குழந்தைகள் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தது. பள்ளிகளைப் பார்வையிடுவதும் குறைகளை நிர்வாகத்தின் முன் வைப்பதும் குழந்தை அமைச்சர்களின் வேலையாக இருந்தன. அது பள்ளிகளை நடத்திய நிறுவனமே விரும்பி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. பணி விதிகளும் மேலதிகாரிகளும் உள்ள அரசுப் பள்ளியில் அதை அப்படியே செயல்படுத்த முடியாது. இங்கே பேரவை ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல், எங்கள் பிரிவில் இந்தப் பாடத்துக்கு இத்தனை பாடவேளைகள் நடக்கவில்லை என்று பதிவு செய்யலாம். அது நபரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது, ஆனால் பள்ளி அறிந்தே தீர வேண்டிய செய்தி. இந்த எல்லையை ஆசிரியர்கள் சிலர் ஏற்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் கண்டிப்பானவரைப் பிடிக்காமல் எழும் குறையும், வராதவரைப் பற்றி எழும் குறையும் வெளியே ஒன்றுபோலவே ஒலிக்கும். நடந்த பாடவேளைகளின் கணக்கைக் கேட்பது அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

நடைமுறையில் ஒரு கோரிக்கை எப்படி நகரும்? எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 14 பிரிவுகளும் 560 மாணவர்களும் உள்ள இருபாலர் மேல்நிலைப் பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்வோம். பிரிவுக்கு ஒருவர் என 14 பேர் பேரவையில் இருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் மாணவிகள் முன்வைக்கும் கோரிக்கை, பெண்களுக்குப் புதிய கழிப்பறை கட்ட வேண்டும் என்பது.

இந்த வடிவிலேயே அது தலைமையாசிரியரிடம் போனால் பதில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நிதி இல்லை, மேலே எழுதியிருக்கிறோம். கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பேரவையின் முதல் வேலை, கோரிக்கைக்குப் பின்னே உள்ள சிக்கலைக் கண்டுபிடிப்பது. இதை ஆண் மாணவர்கள் அமர்ந்திருக்கும் பொதுக் கூட்டத்தில் பேச மாணவிகள் கூச்சப்படுவார்கள் என்பதால், ஆசிரியை ஒருவர் முன்னிலையில் மாணவிகள் மட்டும் தனியாக அமர்வது நல்லது. அங்கே வெளிவருவது: பத்து நிமிட இடைவேளையில் வரிசை முன்னேறுவதற்குள் மணி அடித்துவிடுகிறது, பலர் காலையில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், எட்டு அறைகளில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை.

அடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவிகள் 280 பேர். பயன்பாட்டில் உள்ளவை 6 அறைகள். ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் 10 நிமிடத்தில் ஓர் அறையை 5 பேர் பயன்படுத்தலாம், ஆறு அறைகளை 30 பேர். முற்பகல், பிற்பகல் என இரண்டு இடைவேளைகளையும் சேர்த்தால் நாளுக்கு 60 பேர். எல்லோருக்கும் எல்லா இடைவேளையிலும் தேவை இருக்காது என்று வைத்துக்கொண்டாலும், 280க்கு 60 என்பது எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் எண். ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை இருப்பதால் இந்த வரிசையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அலட்சியத்தைவிட, பார்க்கும் வாய்ப்பின்மையே இதற்குப் பெரிய காரணம்.

இப்போது கோரிக்கையின் உருவம் மாறுகிறது. பூட்டிக் கிடக்கும் இரண்டைச் சீரமைத்தால் 8 அறைகள் கிடைக்கும். ஆறு முதல் எட்டு வரை ஒரு நேரத்திலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வேறொரு நேரத்திலும் இடைவேளை விட்டால் ஒவ்வொரு முறையும் 40 பேர், இரண்டு முறைக்கு 80 பேர், நாளுக்கு 160 பேர். கட்டடம் கட்டாமலே ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. இதோடு மூன்றாவதாக, வகுப்பு நேரத்தில் கேட்டவுடன் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து, மூன்று கோரிக்கைகளாக எழுதித் தேதியிட்டுக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு 15 பள்ளி நாட்கள் என்பது முன்பே ஒத்துக்கொண்ட காலக்கெடு.

தலைமையாசிரியரின் நேர்மையான பதில் இப்படி அமையலாம். தாழ்ப்பாள் இந்த வாரமே பொருத்தப்படும். அடைபட்ட இரண்டு அறைகளுக்குக் கொத்தனாரும் குழாய் வேலை செய்பவரும் தேவை, செலவு இருப்பதால் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருளில் சேர்க்கப்படும், அந்தக் கூட்டத்தில் பேரவை சார்பில் இருவர் வந்து விளக்கலாம். இடைவேளையைப் பிரிப்பதில் ஒரு சிக்கல்: எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் தங்கள் இடைவேளையை இழப்பார்கள், வெளியே நிற்கும் பிள்ளைகளின் சத்தம் நடக்கும் வகுப்பைக் குலைக்கும். ஆகவே ஒரு மாதம் முற்பகலில் மட்டும் முயன்று பார்த்து, ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்டு முடிவு செய்யப்படும். கேட்டவுடன் அனுப்புவது பொது விதியாக ஏற்கப்படவில்லை, ஏனெனில் பாடவேளையில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பள்ளி பொறுப்பு. எனினும் மாதவிடாய் நாட்களிலும் உடல்நலக் குறைவிலும் காரணம் கேட்காமல் அனுப்ப எல்லா ஆசிரியர்களுக்கும் அறிவுறுத்தப்படும்.

மூன்று கோரிக்கைகளில் முழுமையாக ஏற்கப்பட்டது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் காரணமும் அடுத்த படியும் இருக்கின்றன. இந்தப் பதிலை உறுப்பினர்கள் தத்தம் வகுப்பில் வாசித்துக் காட்ட வகுப்பாசிரியர் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான பேரவைகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. பதில் கிடைத்தும் அது வகுப்புக்குப் போய்ச் சேராவிட்டால், பேரவை எதையும் செய்யவில்லை என்றே மற்ற 546 பேரும் நினைப்பார்கள், அடுத்த முறை எவரும் குறை சொல்ல வரமாட்டார்கள்.

தேர்தல் வைத்தால் சாதியும் பணமும் பள்ளிக்குள் நுழையாதா?

நுழையும் வாய்ப்பு உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. பள்ளிகளில் சாதி வேறுபாடுகளைக் களைவது பற்றி ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு, வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைக்கும் அளவுக்கு நிலைமை இருக்கிறது. கையில் கயிற்றின் நிறம் பார்த்து நண்பர்களைத் தேர்வு செய்யும் இடத்தில், பள்ளி முழுவதற்குமான தலைவர் தேர்தல் ஊர்ப் பிளவை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

அதைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவும் தன் உறுப்பினரை மட்டும் இரகசிய வாக்கில் தேர்ந்தெடுத்தால் போதும், பள்ளி அளவிலான போட்டியே வேண்டாம். பதாகை, துண்டறிக்கை, இனிப்பு ஆகியவற்றுக்குத் தடை விதிக்கலாம். தேர்தலை முற்றிலும் விட்டுக் குலுக்கலுக்கும் போகலாம். பொலிவியாவின் கொச்சபம்பா பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் அரசுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்துப் பார்த்தார்கள். நமக்கோ இது அயல் முறையே அன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தார்கள். பதவிக் காலம் ஓராண்டு. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர முடியாது. நிலமற்றவர்களையும் பெண்களையும் அந்த முறை வெளியே நிறுத்தியது என்பதால் அதை அப்படியே போற்ற வேண்டியதில்லை. குலுக்கலும், மீண்டும் வரத் தடையும் பள்ளிக்கு மிகவும் பொருந்துபவை.

குலுக்கலுக்குக் குறையும் உண்டு. பெயர் வந்த மாணவருக்கு விருப்பமே இல்லாதிருக்கலாம், தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற உணர்வும் அவருக்கு இராது. எனக்கு நடுவழியாகத் தோன்றுவது, பிரிவுக்கு ஒருவர் வாக்கால் வர, எப்போதும் பேசாதவர்களும் இடம்பெறும் வகையில் நான்கைந்து பேர் குலுக்கலால் சேர்வது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குபவர்களே பேரவையிலும் நிரம்பினால், நூலக நேரம் பற்றிப் பேசுவார்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிடும் பிள்ளையைப் பற்றிப் பேச அங்கே ஆள் இருக்காது.

சிறு குழந்தைகளுக்கும் இது பொருந்துமா?

வேல்ஸில் மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து, அதாவது ஏழு வயதிலிருந்து, பேரவையில் இடம் தருகிறார்கள். அந்த வயதில் தீர்மானம் எழுதச் சொல்வது வீண். எது பயமாக இருக்கிறது, எங்கே விளையாடப் பிடிக்கவில்லை என்று பள்ளியைச் சுற்றி நடந்து காட்டச் சொன்னால் போதும்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமைதானே? அவர்களுடைய மதிப்பு குறையாதா?

சுமைதான். பொறுப்பாசிரியர் ஒருவருக்கு மாதம் ஒரு கூட்டம், அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் வேண்டும். பதிவேடுகளிலும் இணையத்தில் விவரம் ஏற்றுவதிலும் ஏற்கெனவே அழுந்திக் கிடக்கும் ஆசிரியரிடம் இதையும் கூடுதலாகக் கொடுத்தால், கூட்டம் நடந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவதில் அது முடியும். ஒரு பாடவேளையைக் குறைத்துக் கொடுக்க முடியாத பள்ளி, ஆண்டுக்கு ஆறு கூட்டங்களோடு நிறுத்திக்கொண்டு அவற்றை உண்மையாக நடத்துவது மேல்.

மதிப்பைப் பற்றிய கவலை வேறு வகையானது. ஆசிரியர்களுடைய கருத்தையே கேட்காத பள்ளியில் மாணவர் பேரவை தொடங்கினால், தங்களைத் தாண்டித் தலைமையாசிரியரிடம் மாணவர்கள் போகிறார்கள் என்று ஆசிரியர்கள் நினைப்பது இயல்பு. அத்தகைய பள்ளியில் ஆசிரியர் கூட்டத்தை முதலில் உயிர்ப்பிக்க வேண்டும். மேலே கண்ட இடைவேளைச் சிக்கலில் ஓய்வை இழப்பவர் ஆசிரியர் என்பதை மறந்து முடிவெடுத்திருந்தால், அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இதனால் மதிப்பெண் உயருமா?

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். பேரவை நன்றாக நடக்கும் பள்ளிகளில் தேர்ச்சியும் நன்றாக இருந்தால், பேரவையால் தேர்ச்சி வந்ததா, நல்ல நிர்வாகத்தால் இரண்டும் வந்தனவா என்று பிரித்தறிவது கடினம். தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை மாணவிக்கு நீங்கியதா என்பதே மேற்கண்ட எடுத்துக்காட்டில் அளக்க வேண்டியது.

எங்கள் பேரவை பெயரளவில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

கூட்டப் பதிவேட்டை எடுத்து ஓராண்டுக் குறிப்புகளைப் படியுங்கள். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவது, மரக்கன்று நடுவது, ஒழுங்கைக் காப்பது என்று மாணவர்கள் செய்ய வேண்டியவை மட்டுமே எழுதப்பட்டிருந்து, பள்ளி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையென்றால், அது பேரவை என்ற பெயரில் இயங்கும் தொண்டர் குழு. ஒரே கோரிக்கை மூன்று கூட்டங்களில் மாறாமல் திரும்ப வந்தால், பதில் வரவில்லை என்று பொருள். எல்லாக் கோரிக்கைகளும் ஏற்கப்பட்டிருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும், ஏற்கப்படும் என்று தெரிந்தவற்றை மட்டும் கேட்கும்படி யாரோ முன்கூட்டியே வடிகட்டியிருக்கலாம். பிறகு பேரவையில் இல்லாத ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம், உன் வகுப்பின் உறுப்பினர் யார், கடைசியாக எதைக் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகப் பழைய பதில்களை வகுப்புகளில் வாசிப்பதற்கு நாள் குறிக்கலாம்.